அண்ணனுக்குக் கேட்கிற மாத்திரை தம்பிக்கு ஏன் கேட்பதில்லை? 2சி19 நொதியும் குளோபிடோக்ரெலும்

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களின் மருந்துப் பையில் இரண்டு மாத்திரைகள் சேர்ந்தே இருப்பது வழக்கம். ஒன்று ஆஸ்பிரின், மற்றொன்று குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம். இவர்களில் சிலருக்கு மரபணுப் பரிசோதனையும் செய்கிறார்கள். முடிவைப் பார்த்துவிட்டு, "இந்த மருந்து உங்கள் உடம்பில் சரியாக வேலை செய்யாது, வேறு தருகிறோம்" என்று மருத்துவர் சொன்னால் வீட்டில் குழப்பம் தொடங்கிவிடும். இத்தனை நாள் சாப்பிட்டது வீணா? பக்கத்து புளோக்கில் இருப்பவருக்கு இதே மாத்திரைதானே நன்றாகக் கேட்கிறது? மூலிகை ஏதாவது எடுத்துக்கொண்டதால் இப்படி ஆயிற்றா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கல்லீரலில் உள்ள ஒரே ஒரு நொதியிலிருந்து தொடங்குகிறது. சைட்டோகுரோம் நொதிகள் பல இருந்தாலும், சிங்கப்பூரில் வாழும் நமக்கு அதிகம் பயன்படக்கூடியது இந்த ஒன்றின் கதைதான். அதனால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## நொதி என்ன வேலை செய்கிறது?

நாம் விழுங்கும் மருந்துகளில் பலவும் எண்ணெய்த் தன்மை கொண்டவை. அப்படியே விட்டால் சிறுநீரில் எளிதில் வெளியேறாது. கல்லீரல் செல்களில் இருக்கும் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் இந்த மூலக்கூறுகளில் ஆக்சிஜனைச் சேர்த்து அவற்றை மாற்றுகிறது. அப்புறம் அவை நீரில் கரைந்து வெளியேறுவது சுலபமாகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் மூலிகையில் இருக்கும் ரசாயனங்களுக்கும் இதே நொதிகள்தான் வாசற்படி. இது செடியிலிருந்து வந்தது, அது ஆலையிலிருந்து வந்தது என்று கல்லீரல் பிரித்துப் பார்ப்பதில்லை.

மனிதருக்கு இந்தக் குடும்பத்தில் 57 மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பரிசோதனை அறிக்கையில் `CYP2C19` என்று அச்சாகியிருக்கும். இதில் 2 என்பது குடும்பம், சி என்பது அதன் கிளை, 19 என்பது தனி எண். இங்கே சுருக்கமாக 2சி19 என்று சொல்கிறேன்.

## குளோபிடோக்ரெல் விழுங்கும்போது இன்னும் மருந்தாகவில்லை

பலருக்கும் தெரியாத செய்தி இது. 75 மில்லிகிராம் மாத்திரையில் இருக்கும் குளோபிடோக்ரெலுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆற்றல் கிடையாது. அரிசியைச் சமைத்தால்தான் சோறு என்பதுபோல, கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் மருந்து. அந்த மாற்றம் இப்படி நடக்கிறது:

1. உடலுக்குள் போகும் குளோபிடோக்ரெலில் சுமார் 85 சதவீதத்தை வேறொரு நொதி உடைத்துப் பயனற்றதாக்கிவிடும். இது எல்லாருக்கும் நடப்பதுதான். 75 மில்லிகிராமில் ஏறக்குறைய 64 மில்லிகிராம் இப்படியே போய்விடும்.

2. மீதமிருக்கும் 11 மில்லிகிராம் அளவுக்குத்தான் சைட்டோகுரோம் நொதிகளிடம் போக வாய்ப்பு. அங்கே முதல் மாற்றம் நடக்கிறது. இதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 45 சதவீதம், 2சி19 செய்வது. மற்றதை வேறு இரண்டு நொதிகள் பார்த்துக்கொள்கின்றன.

3. அடுத்து இரண்டாவது மாற்றம். இதில் 3ஏ4 என்ற நொதிக்குப் பெரிய பங்கு. 2சி19 இங்கேயும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வேலை செய்கிறது. இது முடிந்த பிறகு கிடைப்பதுதான் உண்மையான மருந்து.

4. அந்த மருந்து ரத்தத் தட்டணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஓர் ஏற்பியை நிரந்தரமாக அடைத்துவிடுகிறது. அந்தத் தட்டணு வாழும் 7 முதல் 10 நாள்வரை அடைப்பு நீங்காது. ஆகவே மருந்து ரத்தத்தில் கொஞ்ச நேரமே இருந்தாலும் போதும், அதன் பலன் நாள் முழுக்க நிற்கும்.

ஆக, 2சி19 இரண்டு இடத்தில் கை கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் மருந்து முழுக்க நின்றுபோகாது, ஆனால் உருவாகும் அளவு கணிசமாகக் குறையும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்தப் புள்ளிதான் அடிப்படை.

## ஓர் எழுத்து மாறினால்

2சி19 மரபணுவின் 681ஆம் இடத்தில் வழக்கமாக ஜி என்ற எழுத்து இருக்கும். சிலருக்கு அந்த இடத்தில் ஏ இருக்கிறது. நொதியைக் கட்டுவதற்கான செய்தியை செல் வெட்டி ஒட்டும்போது இந்த ஏ தவறான இடத்தில் வெட்டவைக்கிறது. அதனால் செய்தியில் 40 எழுத்துகள் விடுபட்டுவிடுகின்றன. 490 அமினோ அமிலங்களோடு வெளிவர வேண்டிய நொதி 234இலேயே அறுந்துபோய்விடும். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் இரும்புப் பகுதி பொருந்தும் இடமே அதில் இருக்காது. ஆகவே அந்தத் துண்டு எதற்கும் உதவாது.

இந்த வடிவத்தை அறிக்கையில் `*2` என்று எழுதுவார்கள், "ஸ்டார் டூ" என்று படிப்பார்கள். முழுதாக வேலை செய்யும் வடிவம் `*1`. இதைத் தவிர `*3` என்று வேலை செய்யாத இன்னொரு வடிவம் உண்டு. அது கிழக்காசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வழக்கத்தைவிட அதிகமாக நொதி சுரக்கவைக்கும் `*17` என்ற வடிவமும் இருக்கிறது.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள். இந்திய வம்சாவளியினரிடம் `*2` பிரதியின் பங்கு சுமார் மூன்றில் ஒன்று. அந்த வட்ட எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால்:

- இரண்டு பிரதியும் பழுது: 1/3 × 1/3 = 1/9. அதாவது 100 பேரில் ஏறக்குறைய 11 பேர்.
- ஒன்று மட்டும் பழுது: 2 × 1/3 × 2/3 = 4/9. அதாவது 100 பேரில் ஏறக்குறைய 44 பேர்.

சீனர்களிடம் `*2`, `*3` இரண்டையும் சேர்த்தால் கணக்கு கிட்டத்தட்ட இதே அளவுக்கு வரும். ஐரோப்பியர்களில் இரண்டு பிரதியும் பழுதானவர்கள் 100 பேரில் இரண்டு மூன்று பேர்தான். மேற்கத்திய நோயாளிகளை வைத்துத் தீர்மானித்த "எல்லாருக்கும் 75" என்ற அளவு இங்கே ஏன் அதிகம் பேருக்குப் பொருந்தாமல் போகிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## அண்ணனும் தம்பியும்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தலா ஒரு `*1`, ஒரு `*2`. பிள்ளைகளில் அண்ணனுக்கு வாய்த்தது `*1/*1`. அக்காவுக்கு `*1/*2`. தம்பிக்கு இரண்டு பக்கமும் பழுதான பிரதியே வந்து `*2/*2`. அண்ணன் தம்பி இருவரும் ஐம்பதுகளில் இருக்கிறார்கள். இருவருக்கும் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இருவரும் முதல் நாள் 600 மில்லிகிராமும், பிறகு தினம் 75 மில்லிகிராமும் எடுக்கிறார்கள். வேளை தவறுவதில்லை, சாப்பாடும் ஒரே சமையலறையிலிருந்துதான்.

அண்ணனின் கல்லீரல் அந்த 11 மில்லிகிராமிலிருந்து போதுமான மருந்தை உருவாக்கிவிடுகிறது. தம்பியின் கல்லீரலில் 2சி19 இல்லாததால் மற்ற நொதிகள் முடிந்த அளவுக்குச் செய்கின்றன. அவருடைய தட்டணுக்களில் பெரும்பகுதி அடைபடாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தம்பிக்கு இது தெரியவருமா? தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. வலி, தலைசுற்றல் என்று எந்த அறிகுறியும் இருக்காது. "பல் தேய்க்கும்போது எனக்கு ரத்தம் வருவதில்லை, அப்படியானால் மாத்திரை வேலை செய்யவில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. அதை வைத்து முடிவு செய்ய முடியாது. மரபணுப் பரிசோதனை செய்தோ, தட்டணுக்கள் எவ்வளவு ஒட்டுகின்றன என்று ரத்தத்தில் அளந்தோதான் அறிய முடியும்.

ஆபத்தின் அளவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குளோபிடோக்ரெல் எடுத்த 1,477 இதய நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், பழுதான பிரதி ஒன்றாவது உள்ளவர்களில் 12.1 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதயநோயால் மரணமோ நேர்ந்தது. பழுதில்லாதவர்களில் அது 8 சதவீதம். ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைவது 2.6க்கு 0.8 என்ற கணக்கில், மூன்று மடங்குக்கு மேல். அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்தின் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கவைத்தது. அதே நேரத்தில், பழுதான பிரதி இருந்தும் 100இல் 97 பேருக்கு ஸ்டென்ட் உறையவில்லை என்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தம்பியின் அறிக்கை அவருடைய ஆபத்து கூடுதல் என்று சொல்கிறது. உறுதியாக ரத்தம் உறையும் என்று சொல்லவில்லை.

## சரி, அளவைக் கூட்டினால் போதாதா?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். 2011இல் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு (நம் கதையில் அக்காவின் நிலை) தினம் 225 மில்லிகிராம், அதாவது மூன்று மடங்கு கொடுத்தபோது, சாதாரண ஆள் 75இல் பெறும் பலன் கிடைத்தது. இரண்டும் பழுதானவர்களுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தும் அந்த அளவுக்கு எட்டவில்லை. கூடுதலாக ஊற்றியதில் பெரும்பகுதி அந்த 85 சதவீத வழியிலேயே போய்விடுகிறது.

அதனால் தம்பிக்கு அளவை மாற்றுவதைவிட மருந்தை மாற்றுவதுதான் வழி. இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு:

1. டிக்காகிரெலார். விழுங்கியவுடனேயே இது செயல்படும் வடிவில் இருக்கிறது, 2சி19 தேவையே இல்லை. நாளுக்கு இரண்டு வேளை. சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல இருக்கும். இதயம்தான் மீண்டும் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் காரணம் மருந்தா இதயமா என்று பார்ப்பார்.

2. பிராசுகிரெல். இதையும் கல்லீரல் மாற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் 2சி19 இல்லாவிட்டாலும் வேலை நடந்துவிடும். முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்குத் தரக்கூடாது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் 60 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கும் மிகவும் யோசித்தே தருவார்கள்.

இரண்டுமே குளோபிடோக்ரெலைவிட வலுவானவை. அதனால் ரத்தக்கசிவு வாய்ப்பும் கூடுதல். எல்லாருக்கும் இவற்றையே கொடுத்துவிடலாமே என்ற யோசனை இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. அண்ணனுக்குத் தேவையில்லாமல் ஏன் அந்த ஆபத்து?

## அதே பழுது, எதிர்த்திசையில்

தம்பிக்கு நெஞ்செரிச்சல் என்று ஒமெப்ரசோல் கொடுத்தால் கதை தலைகீழாகிவிடும். ஒமெப்ரசோலை உடைத்து வெளியேற்றுவதுதான் 2சி19இன் வேலை. நொதி இல்லாத தம்பியின் ரத்தத்தில் அது பல மடங்கு அதிகமாகவும் நீண்ட நேரமும் தங்கும். அதனால் அமிலம் நன்றாக அடங்கும். ஜப்பானில் 1998இல் வயிற்றுப்புண் கிருமிக்கு ஒமெப்ரசோலும் அமாக்சிசிலினும் சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வு ஒன்றில், இரண்டு பிரதியும் நல்லதாக இருந்தவர்களில் 29 சதவீதம் பேருக்கே கிருமி ஒழிந்தது. ஒன்று பழுதானவர்களில் 60 சதவீதம். இரண்டும் பழுதானவர்களில் எல்லாருக்குமே ஒழிந்தது.

ஆகவே "எனக்கு மருந்து கேட்காத உடம்பு" என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. நொதி மருந்தை உண்டாக்குகிறதா, அழிக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். உண்டாக்கும் இடத்தில் நொதி இல்லாவிட்டால் மருந்து குறையும். அழிக்கும் இடத்தில் இல்லாவிட்டால் மருந்து கூடும். மனச்சோர்வுக்கான எஸிட்டலோபிராம் இரண்டாவது வகை. தம்பிக்கு அதைத் தந்தால் வழக்கமான அளவே அதிகமாகிவிடக்கூடும்.

இன்னொரு விஷயமும் இங்கே சேர்கிறது. ஒமெப்ரசோல் 2சி19ஐ அடைக்கவும் செய்யும். அண்ணன் ஒமெப்ரசோலையும் குளோபிடோக்ரெலையும் ஒன்றாக எடுத்தால், நல்ல மரபணு இருந்தும் அவருடைய நொதி ஓரளவு தம்பியுடையதைப் போல நடந்துகொள்ளும். அறிக்கையில் "இயல்பு" என்றே இருக்கும், கல்லீரலில் நடப்பது வேறாக இருக்கும். இந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்பதால் இத்தகையவர்களுக்குப் பான்டோபிரசோல் கொடுப்பது வழக்கம்.

## மூலிகை எங்கே நுழைகிறது?

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மனச்சோர்வுக்கு என்று மாத்திரையாக இணையத்திலும் விற்பனையாகிறது. அதில் இருக்கும் ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள் கல்லீரல் செல்லில் ஓர் ஏற்பியைத் தூண்டி, 2சி19, 3ஏ4 நொதிகளை அதிகமாகத் தயாரிக்கச் சொல்கிறது.

இதை ஆராயச் சீனாவில் ஆரோக்கியமான ஆண்களுக்கு 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 14 நாள் கொடுத்தார்கள். நல்ல பிரதி உள்ளவர்களிடம் 2சி19இன் வேலை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. இரண்டு பிரதியும் பழுதானவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. காரணம் எளிது. மூலிகை செய்வது மரபணுவை அதிகமாகப் படிக்கவைப்பது மட்டுமே. தம்பியின் செல் அந்த மரபணுவை எத்தனை முறை படித்தாலும் வருவது 234இல் அறுந்த துண்டுதான்.

நம் அண்ணன் தம்பிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அண்ணன் இந்த மூலிகையை எடுத்தால் குளோபிடோக்ரெலிலிருந்து உண்டாகும் மருந்து அதிகமாகி ரத்தக்கசிவுப் பக்கம் சாயலாம். தம்பிக்கு 2சி19 வழியாக எந்த உதவியும் கிடைக்காது. ஆனால் 3ஏ4 இருவருக்குமே தூண்டப்படும். அந்த நொதி உடைக்கும் கொழுப்பு மாத்திரைகளான சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் இரண்டின் பலனும் குறையும். தம்பி டிக்காகிரெலாருக்கு மாறியிருந்தால் அதையும் 3ஏ4தான் உடைக்கிறது. தம்பியைக் காப்பாற்ற மாற்றிய மருந்தையே மூலிகை கரைத்துவிடும்.

குளோபிடோக்ரெல் சரியாகக் கேட்காதவர்களுக்கு இந்த மூலிகை உதவுமா என்று சிறிய ஆய்வுகளும் நடந்தன. தட்டணு அளவில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அதைப் படித்துவிட்டு யாரும் தாமாக முயன்று பார்க்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். புட்டிக்குப் புட்டி ஹைப்பர்ஃபோரின் அளவு மாறும். ஒரு மாத்திரையைச் சரிசெய்யப் போய் மற்ற மூன்றைக் கெடுத்துக்கொள்வதில் முடியும்.

மிளகு பற்றியும் கேட்பார்கள். மிளகில் இருக்கும் பைப்பரின், தூண்டுவதற்குப் பதிலாக 3ஏ4ஐ அடைக்கும் பக்கம் நிற்கிறது. தினமும் வைக்கும் மிளகு ரசத்தை இதற்காக விட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது மஞ்சள் மாத்திரைகளை. அவற்றில் பலவற்றில் உறிஞ்சலைக் கூட்டுவதற்காகவே பைப்பரின் சாறு சேர்த்திருப்பார்கள், அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும்.

## அறிக்கை சொல்லாதவை

இந்தப் பரிசோதனையை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். 2009இல் அமெரிக்காவில் அமிஷ் சமூகத்தினரிடம் நடந்த ஆய்வில், குளோபிடோக்ரெல் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் `*2` விளக்கியது 12 சதவீதம்தான். வயது, உடல் எடை, கொழுப்பு அளவு போன்றவற்றைச் சேர்த்தும் கால்பங்கை எட்டவில்லை.

மரபணு பார்த்து மருந்து கொடுப்பது உயிர் காக்கிறதா என்பதிலும் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. 2020இல் 5,000க்கும் மேற்பட்ட ஸ்டென்ட் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பழுதான பிரதி உள்ளவர்களை மாற்று மருந்துக்கு மாற்றியபோது பாதிப்பு 5.9இலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அது தற்செயல் இல்லை என்று சொல்லும் புள்ளியியல் எல்லையை நூலிழையில் தவறவிட்டது. 2021இல் சீனாவில், பழுதான பிரதி உள்ள 6,412 சிறு பக்கவாத நோயாளிகளிடம் நடந்ததில் டிக்காகிரெலார் தெளிவாகவே முந்தியது. மூன்று மாதத்தில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 6 சதவீதம், குளோபிடோக்ரெலில் 7.6 சதவீதம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்தப் பரிசோதனை பயன்படும் என்றே நான் கருதுகிறேன், ஆனால் அது மருத்துவரின் முடிவுக்குத் துணையாக நிற்கும் ஒரு தகவல்தான்.

## கையில் அறிக்கை இருந்தால்

1. `*1/*2` போன்ற அந்தக் குறியீட்டைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மரபணு மாறாது, இன்னொரு முறை சோதிக்க வேண்டியதில்லை. பலதுறை மருந்தகத்தில் நெஞ்செரிச்சலுக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எழுதும்போதும் அது உதவும்.

2. உடன்பிறந்தவர்களிடம் சொல்லுங்கள். உங்களுக்கு `*2/*2` என்றால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அப்படியே இருக்க நான்கில் ஒரு வாய்ப்பாவது உண்டு. அவர்களுக்கும் குளோபிடோக்ரெல் தேவைப்படும் நாளில் இந்தத் தகவல் பெரிது.

3. மூலிகை மாத்திரை எடுத்தால் புட்டியையே மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை நிறுத்தினாலும் கூடுதலாக உண்டான நொதி அடங்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் "போன வாரமே விட்டுவிட்டேன்" என்பதையும் சொல்லியாக வேண்டும்.

4. அறிக்கையில் என்ன இருந்தாலும் குளோபிடோக்ரெலை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு பிரதியும் பழுதானவரிடம்கூட மற்ற நொதிகள் கொஞ்சம் மருந்தை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மாற்று மருந்தின் முதல் வேளை கைக்கு வரும்வரை புது ஸ்டென்டுக்கு ஆஸ்பிரினோடு அந்தக் கொஞ்சமும் தேவை.